முதலில் சூடு, பிறகுதான் பால்

ஐப்பசி மாதக் கடைசி. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், தெருமுனை மெக்கானிக் கடைப் பையன் வாசலில் வந்து நின்றான். "அக்கா, மத்தியானத்திலேர்ந்து ஒரு பூனைக்குட்டி கத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப சத்தத்தையே காணோம். வந்து பாக்கிறீங்களா?" என்றான்.

கடைக்குப் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் குட்டி கிடந்தது. உடம்பு முழுக்க நனைந்து, வயிற்றுப் பக்கம் சேறு அப்பி, காதோரத்தில் இரண்டு மூன்று எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கையில் எடுத்ததும் கண்ணைத் திறந்து பார்த்தது. கத்த வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

தனியாகக் கிடக்கும் குட்டியையெல்லாம் இப்படி உடனே தூக்கிவிடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பூனை இரை தேடப் போனால் திரும்பி வரச் சில மணி நேரம் ஆகும். இடம் பிடிக்கவில்லை என்றால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வேறு இடத்தில் சேர்க்கும். கடைசிக் குட்டி தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நாம் பார்த்தால், அநாதை என்றுதான் தோன்றும். குட்டி காய்ந்த இடத்தில், வயிறு நிரம்பி, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தால் தாய் இருக்கிறது என்று பொருள். அப்போது நாம் செய்யவேண்டியது தள்ளி நிற்பது மட்டும்தான். பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் தாய் வராது.

போன வருடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு குட்டிகள் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தன. கீழ்வீட்டு மாமி அரிசி மாவை எடுத்து, குட்டிகளைச் சுற்றிக் கோலம் போடுவதுபோல் ஒரு வட்டம் தூவிவிட்டு வந்துவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் மாவில் பெரிய பூனையின் காலடி, உள்ளே போனதும் வந்ததும் தெளிவாகப் பதிந்திருந்தது. கல்மாவுக் கோலப்பொடி வேண்டாம், நக்கினால் குட்டிக்கு ஆகாது. அரிசி மாவே போதும். மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று சொல்வார்கள். அதுவும் உண்மையில்லை. இடம் மாற்றி வைத்த குட்டியைத் தாய் வந்து தேடி எடுத்துப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

டயர்களுக்கு நடுவே கிடந்த இந்தக் குட்டிக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை. நனைந்து, குளிர்ந்து, எறும்பு ஏறிவிட்ட குட்டியை உடனே எடுத்துவிட வேண்டும். "தாய் வந்தா என்ன பண்றதுக்கா?" என்று பையன் கேட்டான். வந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு, குட்டியைத் தேற்றிக் கொண்டுவந்து விடலாம் என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி முன்னால் வைப்பார்கள், குடிக்கவில்லை என்றால் இங்க் ஃபில்லரால் வாயில் விடுவார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். அந்தக் குட்டி விடிவதற்குள் இறந்துவிட்டது. பசியில்தான் போய்விட்டது என்று நினைத்து அழுதேன். காரணம் பசியில்லை என்பது பிறகொரு கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் தெரிந்தது. குளிர்ந்துபோன குட்டிக்குக் குடல் அசைவு நின்றுவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து புளிக்கும், வயிறு உப்பும். விழுங்கும் வலுவும் இருக்காது என்பதால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பிறந்து மூன்று நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிற்றோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிக் கிடந்தே அது சூடாக இருக்கிறது. தனியாகிவிட்ட குட்டி முதலில் இழப்பது பாலை இல்லை, இந்தச் சூட்டைத்தான்.

அதனால் முதல் வேலை, துவட்டுவது. பழைய பருத்தித் துண்டால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தேன். சேறு அப்பியிருக்கிறதே என்று குளிப்பாட்டிவிடக் கூடாது. அழுக்கு நாளைக்கும் இருக்கும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு சுண்டுவிரலைக் கழுவிவிட்டு அதன் வாய்க்குள் மெல்ல வைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள குட்டி விரலை உடனே பற்றிச் சப்பும், வாய்க்குள் கதகதப்பாக இருக்கும். இதன் வாய் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழம்போலச் சில்லென்றிருந்தது. சப்பவும் இல்லை. தெர்மாமீட்டர் கூடத் தேவையில்லை, இந்த ஒரு சோதனையே போதும். வீட்டில் இருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கவும் எனக்குப் பழக்கம் உண்டு. 93.6 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. இந்த வயதுக் குட்டிக்கு 98 முதல் 100 வரை இருக்கவேண்டும். 95க்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் உள்ளே போகக் கூடாது.

சூடேற்றுவதிலும் அவசரம் ஆகாது. ஹேர் டிரையரைக் காட்டுவது, அடுப்புப் பக்கம் வைப்பது, கொதிநீர் நிரப்பிய பாட்டிலை நேராக ஒட்டி வைப்பது எல்லாமே தோலைச் சுட்டுவிடும். விலகிப்போகவும் குட்டிக்குத் தெம்பிருக்காது. நான் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்தேன். ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தேன். மறுபக்கம் சும்மா இருக்கவேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக அந்த இடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்தினேன். முதல் அரை மணி நேரம் பெட்டியில்கூட வைக்கவில்லை, ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்து மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டேன். மனித உடம்பின் சூடு அதற்குச் சரியான அளவு. சுட்டுவிடும் என்ற பயமும் இல்லை.

பட்டினியில் கிடந்த குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருக்கும். கால் வெட்டுவது, தலை தொங்குவது அதன் அடையாளம். ஒரு ஸ்பூன் சர்க்கரையை நான்கு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவினேன். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு சொட்டுதான். வாயில் ஊற்றக் கூடாது, தடவினாலே போதும், ஈறு வழியாகவே கொஞ்சம் உறிஞ்சப்படும். ஏழு மணிக்குத் தொடங்கியது, ஒன்பதரை ஆனபோது தெர்மாமீட்டர் 97.4 காட்டியது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சால்வைக்குள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது, சன்னமாக இல்லை, கோபமாக. சுண்டுவிரலை வைத்தேன். நாக்கு விரலைச் சுற்றி மடங்கிக்கொண்டது.

அந்த இரண்டு மணி நேரத்துக்குள் செய்யவேண்டிய இன்னொரு வேலை, குட்டிக்கு எத்தனை வயது என்று கண்டுபிடிப்பது. என்ன கொடுப்பது, எத்தனை மணிக்கு ஒரு தரம் கொடுப்பது எல்லாம் அதை வைத்துத்தான். தொப்புள்கொடி ஒட்டிக்கொண்டிருந்தால் பிறந்து ஐந்து நாளுக்குள். கண் மூடி, காது மடிந்து தலையோடு ஒட்டியிருந்தால் முதல் வாரம். எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் கண் திறக்கத் தொடங்கும். மூன்றாவது வாரத்தில் காது நிமிரும், தள்ளாடியபடி நடக்கப் பார்க்கும், முன்னால் அரிசிக் குருணைபோலச் சின்னப் பற்கள் எட்டிப் பார்க்கும். கோரைப்பல் முளைப்பது மூன்று முதல் நான்கு வாரத்தில். இந்தக் குட்டிக்குக் கண் நன்றாகத் திறந்து நீலமாக இருந்தது, காது பாதி நிமிர்ந்திருந்தது. கீழ் ஈறில் விரல் வைத்தால் முன்பற்கள் சொரசொரத்தன, கோரைப்பல் இல்லை. ஏறக்குறைய மூன்று வாரம். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதற்குள் குட்டியை இறக்கினேன். 265 கிராம். மூன்று வாரக் குட்டி முந்நூறைத் தாண்டியிருக்க வேண்டும்.

கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு, குட்டி வளர்ப்பவருக்கு மருந்துப் பெட்டியைவிட அவசியமானது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பால். பசும்பால் வேண்டாம் என்று சொன்னால் பலருக்கும் கோபம் வருகிறது. எங்கள் பாட்டி வீட்டுப் பூனை பசும்பால் குடித்துத்தானே வளர்ந்தது என்பார்கள். அந்தப் பூனை தாயிடம் குடித்து வளர்ந்த பிறகு, எலியும் மீனும் தின்றதோடு கூட இந்தப் பாலையும் நக்கியது. மூன்று வாரக் குட்டிக்குப் பால்தான் மொத்த உணவும். தாய்ப்பூனையின் பாலில் புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பசும்பாலை மட்டும் கொடுத்தால் வளர்ச்சிக்கு வேண்டியது கிடைக்காது. அதிலிருக்கும் பால்சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும், இத்தனை சின்ன உடம்பில் வயிற்றுப்போக்கு ஒரே நாளில் நீரை வற்றவைத்துவிடும். கைக்குழந்தைகளுக்கான பால்பவுடரும் இதே காரணத்தால் சரிப்படாது. பூனைக்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் விற்கிறார்கள், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அன்றிரவு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் ஓடிப்போய் ஒரு டின் வாங்கி வந்தார் என் கணவர். கடை கிடைக்கவில்லை என்றால் ஓர் இரவைத் தள்ள ஆட்டுப்பால் உதவும். ஆனால் அது விடியும்வரைக்கும் ஒரு தாங்கல்தான், அதையே தொடர்ந்து கொடுக்கக் கூடாது.

டின்னில் போட்டிருக்கும் அளவுப்படி பவுடரையும், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரையும் கலக்கவேண்டும். சத்தாக இருக்கட்டும் என்று கெட்டியாகக் கரைத்தால் மலம் இறுகும். நீர்த்துப்போனால் வயிறு நிரம்பியும் எடை ஏறாது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. கரைத்ததில் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்குள் தீர்த்துவிடலாம். குட்டி சப்பி மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது? நூறு கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு நான்கு மில்லி என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. குட்டியின் வயிறு கொள்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு இருபது மில்லி வரை. 265 கிராம் குட்டிக்கு வேளைக்குப் பத்து மில்லி, நாளைக்கு ஐம்பது மில்லியைச் சற்றுத் தாண்டும். அப்படியென்றால் ஐந்து அல்லது ஆறு வேளை, நான்கு மணிக்கு ஒரு தரம். கண் திறக்காத குட்டியாக இருந்தால் இரவு பகல் பார்க்காமல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் எழுந்திருக்க வேண்டும். இதற்கு வேளைக்குப் பத்து மில்லி என்றாலும் முதல் வேளை ஐந்து மில்லியோடு நிறுத்தினேன். வெகுநேரம் காலியாகக் கிடந்த வயிறு, குளிர்ந்து மீண்ட குடல். பாதி கொடுத்து, அது தங்குகிறதா என்று பார்ப்பதே நல்லது.

கொடுக்கும் விதத்தில்தான் அதிகமான குட்டிகளை இழக்கிறோம். கைக்குழந்தைபோல மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் புகட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பூனைக்குட்டியை ஒருபோதும் அப்படிப் பிடிக்கக் கூடாது. தாயிடம் அது எப்படிக் குடிக்கிறது? குப்புறப் படுத்து, முன்கால்களை ஊன்றி, தலையைக் கொஞ்சமாக நிமிர்த்தி. மடியில் துண்டை விரித்து அதே நிலையில் வைத்தேன். ஊசியைக் கழற்றிவிட்ட மூன்று மில்லி சிரிஞ்ச், அதன் முனையில் மெல்லிய ரப்பர் நிப்பிள். சிரிஞ்சை நான் அழுத்தவில்லை என்றே சொல்லலாம். அது சப்பச் சப்ப, தண்டு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்குத் துணையாக விரலை வைத்திருந்தேன், அவ்வளவுதான். குட்டியின் காதுகள் ஒவ்வொரு மடக்குக்கும் முன்னும் பின்னும் ஆடும். காது ஆடினால் விழுங்குகிறது என்று அர்த்தம். காது நின்றால் நாமும் நிறுத்திவிட வேண்டும். பாட்டிலில் கொடுப்பவர்கள் நிப்பிளின் ஓட்டையைப் பார்க்கவேண்டும். கவிழ்த்துப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழவேண்டும், ஒழுகக் கூடாது.

மூக்கு வழியாகப் பால் குமிழியிட்டால் உடனே நிறுத்தி, தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் துடைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஓரிரு நாளுக்குள் மூச்சில் களகளவென்று சத்தம் கேட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, பால் நுரையீரலுக்குள் போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அது வீட்டில் தீரும் விஷயமில்லை.

குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டிவிட்டு, அடுத்த வேலையைச் செய்யவேண்டும். பலருக்கும் இது தெரிவதில்லை. மூன்று வாரம் வரையிலான குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க வராது. தாய் நக்கிவிட்டால்தான் வெளியே வரும். பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல மெல்ல ஒற்றித் தடவினேன். அரை நிமிடத்தில் பஞ்சு மஞ்சளாகி வெதுவெதுத்தது. அடர்ந்த மஞ்சள், கிட்டத்தட்டச் சாயப்பட்ட நிறம். உடம்பில் நீர் குறைந்திருப்பதன் அறிகுறி அது. நன்றாகப் பால் இறங்கும் குட்டியின் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். மறுநாள் மத்தியானத்துக்குள் இதற்கும் அப்படி ஆனது. மலம் அன்றிரவு வரவில்லை. காலையில்தான் வந்தது, பிசைந்த கடுகுபோல மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக. அதுதான் சரியான மலம். தண்ணீராகப் போனாலும், வெள்ளைச் சாம்பல் நிறத்தில் தயிர்த் திரளைபோல வந்தாலும் பாலின் அளவு அதிகம் அல்லது குடலில் கோளாறு.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் உடம்பு முழுக்கத் தெள்ளுப்பூச்சி இருப்பது தெரிந்தது. முடிக்கு அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் பொடி. அதில் கொஞ்சம் எடுத்து ஈரமான டிஷ்யூ காகிதத்தில் வைத்தேன். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் பரவியது. அந்தப் பொடி தெள்ளின் எச்சம், அதாவது குட்டியின் ரத்தம். இந்த எடையில் ஒரு குட்டியின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே மூன்று டீஸ்பூன் அளவுதான். எழுபது பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரே நாளில் ஒரு மில்லி ரத்தத்தைக் குடித்துவிடும். பாலும் சூடும் சரியாகக் கிடைத்தும் குட்டி சோர்ந்துகொண்டே போனால், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். வெளுத்துப்போயிருந்தால் தெள்ளோ குடற்புழுவோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் நல்ல மனம் படைத்தவர்கள் விஷத்தைக் கையில் எடுக்கிறார்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளுப் பவுடர் வீட்டில் இருக்கும், அதைத் தூவிவிடுவார்கள். நாய்ப் பவுடர்கள், மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் நாயை ஒன்றும் செய்யாது. பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகும். இப்படிப்பட்ட பொருள்களை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்வதில்லை. டெட்டால் போட்டுத் துடைப்பது, பெட்டி வைத்த தரையைப் பினாயிலால் மெழுகுவது, காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுப்பது எல்லாமே இதே காரணத்தால் ஆபத்து. பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு போதும், குட்டி பிழைக்காது. வேப்பெண்ணெயும் வேண்டாம், நக்கி உள்ளே போய்விடும். நான் நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் கழுத்திலிருந்து வாரத் தொடங்கினேன். சீப்பில் சிக்கும் தெள்ளைப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டுக் கலந்த நீரில் முக்கினால் மூழ்கிச் சாகும், வெறும் தண்ணீரில் நீந்தி ஏறிவிடும். முப்பத்துநான்கு தெள்ளு எண்ணினேன். பத்து நிமிடம் வாருவது, பிறகு சூட்டில் வைப்பது, மறுபடி வாருவது. விரித்திருந்த துணி அத்தனையையும் வெந்நீரில் போட்டேன்.

அன்று காலையே மருத்துவமனைக்குப் போனோம். முதல் நாள் இரவே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். குட்டி சூடேறிச் சப்பத் தொடங்கியதால் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் சூடுபடுத்தியும் அசையவே இல்லை, வலிப்பு, ரத்தம், வாய் திறந்து மூச்சு, புண்ணில் புழு, இவற்றில் எது இருந்தாலும் இரவென்று பார்க்காமல் போகத்தான் வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அங்கே பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், பூனைக்கும் பார்ப்பார்கள்.

கொண்டுபோனவை நான்கு. வெந்நீர்ப் பாட்டிலோடு மூடிய பெட்டி. பால்பவுடர் டின்னைப் படம் எடுத்தது. காலையில் வந்த மலம் ஒரு சின்ன டப்பாவில். எந்த மணிக்கு எத்தனை மில்லி, எடை, சூடு, மலம், சிறுநீர் எல்லாம் எழுதிய ஒரு தாள். மருத்துவர் முதலில் அந்தத் தாளைத்தான் வாங்கிப் பார்த்தார். காத்திருக்கும் இடத்தில் குட்டியை வெளியே எடுக்கவே இல்லை, பெட்டியைத் தரையில் வைக்கவும் இல்லை. பூனைகளுக்கு வரும் பேன்லியூக்கோபீனியா என்ற வைரஸ் நோய், தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். நோயாளிப் பூனைகள் வந்துபோகும் இடத்தில் கவனம் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் புதுக்குட்டியை இரண்டு வாரமாவது தனி அறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் கை கழுவ வேண்டும் என்பதும் இதனால்தான்.

மருத்துவர் வாயைத் திறந்து மேலண்ணம் பிளவில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். பிளவு இருந்தால் எத்தனை கவனமாகக் கொடுத்தாலும் பால் மூக்கில் வரும். தொப்புளில் சீழ் இருக்கிறதா, கண்ணில் பீளை கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். நெஞ்சில் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்து நீண்ட நேரம் கேட்டார். "நுரையீரல் சுத்தமா இருக்கும்மா. நேத்து ராத்திரி சூடு பண்ணாம பால் குடுத்திருந்தீங்கன்னா இன்னிக்கு நான் வேற சத்தம் கேட்டிருப்பேன்" என்றார். ஈறு சற்று வெளிறியிருந்தது. தெள்ளு போகப் போகத் தேறிவிடும், நாளைக்கு இன்னும் வெளுத்தால் உடனே வாருங்கள் என்றார்.

மலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, உருண்டைப்புழு இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். மூன்று வாரக் குட்டிக்கு எப்படி என்று கேட்டேன். தாயின் பால் வழியாகவே புழுவின் இளம்பருவம் குட்டிக்குள் போய்விடும், தெருப்பூனைக் குட்டிகளில் இது இல்லாததுதான் அபூர்வம் என்றார். பைரன்டெல் என்ற குடற்புழு மருந்தை எடைக்கு ஏற்ப அளந்து, சொட்டாகக் கொடுத்தார். இரண்டு வார வயதிலிருந்தே இதைக் கொடுக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்கவேண்டும். அளவை நாமாக மருந்துக்கடையில் கேட்டு முடிவு செய்யக் கூடாது. 265 கிராமுக்கும் 365 கிராமுக்கும் அளவு வேறு.

தடுப்பூசி அன்று போடவில்லை. அதற்கு இன்னும் வயதாகவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அட்டையில் தேதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, என் கையைப் பார்த்தார். சிரிஞ்சைப் பிடித்தபோது நகம் பட்டு மணிக்கட்டில் ஒரு கீறல், ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. "இதுக்கு என்ன பண்ணீங்க?" என்றார். சோப்புப் போட்டுக் கழுவினேன் என்றேன். "அது போதாது. இன்னிக்கே ஊசி போட்டுக்கங்க" என்றார். தெருவில் எடுத்த குட்டியின் தாய் எதனிடம் கடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. ரேபிஸ் பூனையிடமிருந்தும் வரும். கீறலோ கடியோ பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், பிறகு அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகப் போடும் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிதானே என்று இதில் சலுகை கிடையாது. அன்று மத்தியானமே நான் முதல் ஊசி போட்டுக்கொண்டேன்.

இப்போது தராசு விஷயத்துக்கு வருகிறேன். குட்டிகள் நோயை வெளியே காட்டுவதில்லை. காலையில் நன்றாகக் குடித்த குட்டி இரவில் துவண்டுவிடும். ஆனால் துவளுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே எடை அதைச் சொல்லிவிடும். ஆரோக்கியமான குட்டி நாளைக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் ஏறும். தினமும் ஒரே நேரத்தில், காலை முதல் பாலுக்கு முன்னால், எடை பார்த்து எழுதவேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாமல் நின்றாலே மருத்துவரைக் கூப்பிடலாம். இறங்கினால் காத்திருக்கக் கூடாது. எங்கள் தாளில் முதல் காலை 266, மறுநாள் 274, அதற்கடுத்த நாள் 287. நான்காம் நாள் 288. ஒரே ஒரு கிராம். பால் நன்றாகத்தான் குடித்தது, விளையாடவும் பார்த்தது. அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மலம் போனதா என்று கேட்டார் மருத்துவர். தாளைப் பார்த்தேன், முந்தின நாள் காலையோடு சரி. வயிறு கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. பவுடரை எப்படிக் கலக்குகிறீர்கள் என்றார். இரவுப் பாலை என் கணவர் கலக்கிக்கொண்டிருந்தார், ஸ்பூனைத் தலைதட்டாமல் குவித்துப் போட்டிருக்கிறார். கெட்டிப் பால், அதனால் மலச்சிக்கல். அளவைச் சரிசெய்து, அடுத்த இரண்டு வேளையும் பஞ்சால் சற்று அதிக நேரம் தடவிவிட்டதில் சாயங்காலம் மலம் வந்தது. மறுநாள் 301.

மெக்கானிக் கடைப் பையனிடமிருந்து தாயின் படம் வரவே இல்லை. ஒரு வாரம் கழித்துக் கோரைப்பல் எட்டிப் பார்த்தது. நிப்பிளைச் சப்புவதை விட்டுக் கடிக்கத் தொடங்கியதும், ரப்பர்த் துண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்பதால் அதைத் தூக்கிப் போட்டேன். தட்டையான ஒரு மூடியில், குட்டிகளுக்கான ஈரத் தீவனத்தை அதே பாலில் குழைத்து வைத்தேன். முன்காலை மூடிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மூக்கு முழுக்க அப்பியபடி நக்கியது. தினமும் பஞ்சை எடுத்துவந்த எனக்கு அன்றைக்கு வேலை இல்லை. மணல் போட்ட பிளாஸ்டிக் தட்டின் மூலையில், தானாகவே ஒரு சின்னக் குழி தோண்டியிருந்தது.